எடை குறைந்த பிறகு காணாமல் போன 130 கலோரி

ராஜி · 4 பிப்ரவரி 2024, இரவு 9:50

என் மெட்டபாலிசம் கெட்டுப்போய்விட்டதா? வயது 41, உயரம் 158 செ.மீ. எட்டு மாதத்தில் 88 கிலோவிலிருந்து 70-க்கு வந்தேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் தலைக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு மூச்சை அளந்தார்கள். ஓய்வில் ஒரு நாளைக்கு 1,190 கலோரி என்று வந்தது. மொபைல் ஆப் 1,321 என்கிறது. 130 கலோரி எங்கே போனது? குறைத்துச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டேனோ என்ற பயம்.

மீனாட்சி · 4 பிப்ரவரி, இரவு 10:35

அந்த மூடி போட்டு அளக்கும் வேலையை எட்டு வருடம் செய்தவள் நான். பயப்பட வேண்டாம், ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

ஆப் காட்டும் எண் உங்களை அளந்து வந்தது இல்லை. 1990-இல் அமெரிக்காவில் 498 பேரை அளந்து போட்ட மிஃப்லின் சூத்திரம் அது. உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன்:

```
10×70 + 6.25×158 − 5×41 − 161 = 1321.5
```

உங்கள் உயரம், எடை, வயதில் இருக்கும் ஒரு சராசரிப் பெண்ணுக்கு வரும் எண் இது. மேலைநாட்டவரை அளந்து போட்ட சூத்திரங்கள் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பல வருடம் அளந்தவர்கள் கண்டதும் அதுதான். அதனால் இந்த 130-ஐ முழுக்க எடை குறைந்ததன் கணக்கில் எழுத முடியாது. எடை குறைக்கும் முன்பு அளந்தீர்களா? அந்தத் தாள் இருந்தால்தான் மேலே பேச முடியும்.

பாலா_ஜிம் · 5 பிப்ரவரி, காலை 6:10

இது ஸ்டார்வேஷன் மோட் மேடம். 1,100 கலோரிக்குக் கீழே போனால் உடம்பு கொழுப்பைப் பூட்டிவைத்துக்கொள்ளும், அதற்கு மேல் எடை இறங்காது, ஏறவும் செய்யும். என்னிடம் வரும் பத்துப் பேரில் நான்கு பேருக்கு இதே கதை. வழி ஒன்றுதான், வெயிட் தூக்கி மசில் ஏற்றுங்கள். மெட்டபாலிசம் தானாகத் திரும்பும்.

கணேசமூர்த்தி · 5 பிப்ரவரி, காலை 8:25

தைராய்டு பாருங்கள் அம்மா. எனக்கும் இப்படித்தான். 14 கிலோ குறைத்தேன், ஒரே குளிர், மலச்சிக்கல், சோர்வு. டி.எஸ்.ஹெச். சரியாக இருக்கிறது என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் டி3 கீழ் வரம்பில் இருந்தது. தைராய்டு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீனாட்சி · 5 பிப்ரவரி, மதியம் 1:40

கணேசமூர்த்தி ஐயா, ராஜி கேட்டது தைராய்டு நோயைப் பற்றி இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது இந்தக் கதைக்குள் வருகிறது. சாப்பாடு குறைந்தால் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இறங்கும். கொழுப்பு குறைந்தால் கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும், உடலை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்பின் வேகம் தளரும். உங்களுக்குக் குளிர்ந்தது அதனால் இருக்கலாம். சுரப்பி கெட்டுப்போனதாக அதற்கு அர்த்தம் இல்லை. உடல் செலவைச் சுருக்குகிறது. அதை மாத்திரையால் மேலே தள்ளினால் இதயமும் தசையும் விலை கொடுக்க நேரிடும். தயவுசெய்து சொந்தமாக எதுவும் போடாதீர்கள்.

பாலா தம்பி, பாதி சரி. செலவு இறங்குவது உண்மை. ‘எடை இறங்காது, ஏறும்’ என்பது மட்டும் நடக்காத காரியம். 1944–45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார். தினம் சுமார் 1,570 கலோரி. ஓய்வுச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது, கோடையிலும் போர்வை கேட்டார்கள். அப்படி விழுந்தும் எடையில் நாலில் ஒரு பங்கு போனது. கலோரிச் செலவு எவ்வளவு சுருங்கினாலும் வரவை விடக் கீழே போய்விடவில்லை.

மசில் பற்றி. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்கு சுமார் 13 கலோரி எரிக்கும். ஒரு கிலோ கொழுப்பு 4.5. கல்லீரல் கிலோவுக்கு 200, இதயமும் சிறுநீரகமும் 440. மாங்கு மாங்கென்று தூக்கி இரண்டு கிலோ தசை ஏற்றினாலும் ஓய்வில் 26 கலோரிதான் கூடும், அதாவது சுமார் அரை இட்லி. எடைப்பயிற்சிக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. ராஜியின் 130-ஐ அது திருப்பித் தராது.

ராஜி · 6 பிப்ரவரி, இரவு 8:15

பழைய தாள் கிடைத்தது! பீரோவில் ரேஷன் கார்டோடு இருந்தது. போன ஜூன், அதே மெஷின், 88 கிலோவில் 1,430.

மீனாட்சி · 6 பிப்ரவரி, இரவு 9:05

ராஜி, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். கணக்கே இப்போது மாறுகிறது.

88 கிலோவுக்குச் சூத்திரம் சொல்வது 1,501. உங்களுக்கு வந்தது 1,430. அதாவது குண்டாக இருந்தபோதே நீங்கள் சூத்திரத்துக்கு 70 கலோரி கீழேதான் இருந்தீர்கள். அது உங்கள் இயல்பு, டயட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

18 கிலோ போனால் சூத்திரப்படி 180 இறங்க வேண்டும். சின்ன உடலுக்குச் சின்ன செலவு, அதில் புதிர் இல்லை. உங்களுக்கு இறங்கியது 1,430-லிருந்து 1,190, அதாவது 240. ஆக, எதிர்பார்த்ததைத் தாண்டிய இறக்கம் 60. எடை குறையும்போது உடல் தன் செலவைக் கூடுதலாகச் சுருக்கிக்கொள்ளும் தகவமைப்பை அடாப்டிவ் தெர்மோஜெனெசிஸ் என்று சொல்கிறார்களே, அதற்கு உங்களிடம் இருக்கும் இடம் இந்த 60தான், 130 இல்லை.

இன்னொரு கேள்வி. அளந்த வாரம் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?

ராஜி · 6 பிப்ரவரி, இரவு 9:20

டயட்டில்தான். 1,100 கலோரி. அந்த வாரமும் 600 கிராம் குறைந்தது.

மீனாட்சி · 6 பிப்ரவரி, இரவு 9:32

அப்படியானால் அந்த 60-ம் முழுசாக நிற்காது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது அளந்தால், இறங்கி முடிந்த உடலை அளக்கவில்லை, பட்டினியில் இருக்கும் உடலை அளக்கிறோம். இரண்டும் வேறு. நான்கு வாரம் எடை ஒரே இடத்தில் நிற்கும் அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

நிலவன் · 7 பிப்ரவரி, இரவு 11:10

புள்ளியியல் படிக்கிறேன், இரண்டு சந்தேகம். ஒன்று, 18 கிலோவுக்கு 180 என்று எல்லாக் கிலோவையும் ஒரே மாதிரி எண்ணியது சரியா? போனது கொழுப்பா தசையா என்று பார்க்க வேண்டாமா? இரண்டு, எடை குறைக்கும் ஒரு அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்டவர்களுக்கு 500 கலோரி குறைந்ததாகப் படித்தேன். இங்கே 60 என்கிறீர்கள். எதை நம்புவது?

மீனாட்சி · 8 பிப்ரவரி, காலை 7:00

முதல் சந்தேகம் முழுக்க நியாயம். சரியான முறை, கொழுப்பையும் கொழுப்பில்லா உடலையும் தனித்தனியே அளந்து அதிலிருந்து எதிர்பார்ப்பைக் கணிப்பது. ராஜியிடம் அந்த அளவு இல்லாததால் மிஃப்லினை எடுத்தேன். அப்படித் தனியே அளந்தாலும் ஒரு ஓட்டை இருக்கும். ‘கொழுப்பில்லா உடல்’ என்ற ஒரே எண்ணுக்குள் கிலோவுக்கு 13 எரிக்கும் தசையும் 200 எரிக்கும் கல்லீரலும் ஒன்றாகக் கிடக்கின்றன. எடை குறையும்போது கல்லீரல், சிறுநீரகமும் கொஞ்சம் சுருங்கும். கல்லீரல் 200 கிராம் சுருங்கினால் 40 கலோரி போயிற்று. ஸ்கேனில் அதைப் பார்க்காதவர் அந்த 40-ஐயும் ‘தகவமைப்பு’ என்று எழுதிவிடுவார். ஒவ்வொரு ஆராய்ச்சியிலும் ஒவ்வொரு எண் வர இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாவதற்கு ராத்திரி வருகிறேன், டியூட்டிக்கு நேரமாகிறது.

மீனாட்சி · 8 பிப்ரவரி, இரவு 10:20

‘தி பிக்கெஸ்ட் லூசர்’ போட்டியாளர்கள் 14 பேரை, போட்டி முடிந்து ஆறு வருடம் கழித்து ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் குழு மறுபடி அளந்தது. 2016-இல் வெளிவந்தது. சராசரியாக 149 கிலோவில் தொடங்கி, 30 வாரத்தில் 58 கிலோ இழந்தவர்கள். ஆறு வருடத்தில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. ஓய்வுச் செலவு தொடக்கத்தில் 2,607, போட்டி முடிவில் 1,996, ஆறு வருடம் கழித்து 1,903. எடை ஏறிய பிறகும் செலவு ஏறவில்லை. 704 கலோரி காணாமல் போயிருந்தது.

மீனாட்சி · 8 பிப்ரவரி, இரவு 10:41

மேலே எழுதியதில் ஒரு திருத்தம், குழப்பம் வந்துவிடும். 704 என்பது மொத்த இறக்கம். அதில் ஒரு பகுதி உடல் சிறுத்ததால் வந்தது. 131.6 கிலோவில் இருந்த அந்த உடலுக்கு எதிர்பார்ப்பு ஏறக்குறைய 2,400, அளந்தது 1,903. நிலவன் படித்த 500 இந்த வித்தியாசம்தான். போட்டி முடிந்த நாளில் இதே வித்தியாசம் 275-ஆகத்தான் இருந்தது. ஆறு வருடத்தில் கூடியிருக்கிறது.

என்னை உலுக்கியது வேறு ஒரு விஷயம். போட்டி முடிவில் யாருக்கு அதிகம் விழுந்ததோ அவர்தான் அதிகம் எடை போட்டார் என்று நாம் நினைப்போம். அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் எடையைத் தக்கவைத்தவர்களுக்கே வீழ்ச்சி அதிகம். லெப்டினாலும் விளங்கவில்லை. அது 41-லிருந்து 2.6-க்கு விழுந்து, பிறகு 28 அளவுக்குத் திரும்பிவிட்டது, செலவு திரும்பவில்லை.

ஹாலே 2021-இல் இதை மறுபடி எடுத்து எழுதினார். எடையைத் தக்கவைத்தவர்கள் விடாமல் மிக அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்கள். அந்தச் செலவை ஈடுகட்ட உடல் ஓய்வுச் செலவைச் சுருக்கியிருக்கலாம் என்பது அவர் யோசனை. எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் 14 பேரை வைத்து முடிவு கட்ட மாட்டேன்.

மறுபக்கம், அலபாமா பல்கலைக்கழகத்தில் எடை குறைத்த பெண்களை நான்கு வாரம் எடையை நிறுத்திவைத்து அளந்தபோது வித்தியாசம் சராசரியாக 50 கலோரி அளவில்தான் நின்றது. அடுத்த இரண்டு வருடத்தில் யார் எடை போடுவார் என்பதையும் அந்த 50 சொல்லவில்லை. ராஜியின் நிலை இவர்களோடு சேர்ந்தது. ஏழு மாதத்தில் 58 கிலோ இழந்து, தினம் மணிக்கணக்காகப் பயிற்சி செய்த போட்டியாளரோடு சேர்ந்தது இல்லை.

பாலா_ஜிம் · 9 பிப்ரவரி, காலை 6:30

சரி மேடம், மசில் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் ஆட்களுக்கு எடை நின்றுபோவதைக் கண்ணால் பார்க்கிறேனே?

மீனாட்சி · 9 பிப்ரவரி, மதியம் 2:05

நிற்பது உண்மை தம்பி. 88 கிலோ ஆளுக்குப் பற்றாக்குறையாக இருந்த சாப்பாடு 70 கிலோ ஆளுக்குப் பற்றாக்குறையாக இருக்காது. அதோடு வாரம் போகப்போக அளவும் தளரும், சட்னிக்கு ஊற்றும் எண்ணெயை யாரும் எழுதிவைப்பதில்லை. பாதிக்கு மேல் இதிலேயே அடங்கும் என்பது என் அனுபவம்.

கோதை · 11 பிப்ரவரி, மாலை 5:45

மெஷினை நம்பலாமா என்று யாரும் கேட்கவில்லையே? எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தார்கள். 1,280 ஒருமுறை, 1,410 ஒருமுறை.

மீனாட்சி · 11 பிப்ரவரி, இரவு 9:15

கோதை, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மூடிக்குள் இருப்பவர் எரிக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து கலோரி கணக்கிடுகிறோம். வருபவர் இரவிலிருந்து சாப்பிட்டிருக்கக் கூடாது, காபி குடித்திருக்கக் கூடாது, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நடப்பது வேறு. லிஃப்ட் வேலை செய்யாமல் மூன்று மாடி ஏறி வந்து, நேரமாகிவிட்டது என்று பத்து நிமிடத்தில் மூடியைப் போட்டுவிடுவார்கள். எண் ஏறிவிடும். ஏ.சி. காற்றில் படுத்தவாறே தூங்கிவிட்டால் எண் இறங்கிவிடும். ஒரு அம்மாவின் கோடு திடீரென்று தாழ்ந்தது, பார்த்தால் மெல்லிய குறட்டை. அந்த ஏழு நிமிடத்தை வெட்டிவிட்டு மறுபடி எடுத்தேன்.

தாளில் ஆர்.க்யூ. என்று ஒரு எண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். வெளியே வந்த கார்பன் டை ஆக்சைடை உள்ளே போன ஆக்சிஜனால் வகுத்தது. வெறும் வயிற்றில் 0.75-லிருந்து 0.9-க்குள் இருந்தால் நம்பலாம். 1-ஐத் தாண்டினால் பயத்தில் வேகமாக மூச்சு விட்டிருக்கிறார், அல்லது ஏதோ சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். 0.7-க்குக் கீழே என்றால் மூடியில் கசிவு, அல்லது மெஷினைச் சரிபார்க்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் 3 முதல் 5 சதவீதம் ஆடும். உங்கள் 130 அதை விடப் பெரிது. இரண்டில் ஒரு நாள் ஏதோ தவறியிருக்கிறது.

ராஜி · 10 மார்ச், மாலை 6:30

மீனாட்சி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். நான்கு வாரம் 1,650 சாப்பிட்டேன், எடை 70-லேயே நின்றது. நேற்று அளந்தார்கள். 1,225! ஆர்.க்யூ. 0.82. பழைய தாளில் 0.78 இருந்தது.

மீனாட்சி · 10 மார்ச், இரவு 8:50

இரண்டும் நம்பத் தகுந்த தாள்கள். 1,430-லிருந்து 1,225, இறக்கம் 205. எதிர்பார்த்தது 180. மிச்சம் 25.

அந்த 25-ஐயும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 1,190 வந்த நாளில் நீங்கள் நிமிடத்துக்கு எரித்த ஆக்சிஜன் சுமார் 172 மில்லி. நேற்று சுமார் 175. ஒரு மாதம் நாம் பேசியது நிமிடத்துக்கு மூன்று மில்லி ஆக்சிஜனைப் பற்றி, ஒரு டீஸ்பூன்கூட வராது. நாளுக்கு நாள் ஆடும் 3 சதவீதமே உங்களுக்கு 36 கலோரி. அதனால் உங்கள் ஓய்வுச் செலவில் தகவமைப்பு இருக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இருந்தால் சின்னது.

ராஜி · 10 மார்ச், இரவு 9:30

நிம்மதி. ஆனால் ஒன்று உறுத்துகிறது. என் நாத்தனாரும் 70 கிலோதான், எப்போதும் அதே எடை. அவள் என்னை விட நன்றாகவே சாப்பிடுகிறாள். நான் 1,650-ஐத் தாண்டினால் முள் நகர்கிறது.

மீனாட்சி · 12 மார்ச், இரவு 10:00

இரண்டு நாள் யோசித்தேன். ஓய்வுச் செலவிலேயே முழு விடையும் இருப்பதுபோல் இதுவரை எழுதிவிட்டேன். அது சரியில்லை. என் வேலை மூடியோடு என்பதால் பார்வையும் அங்கேயே நின்றுவிட்டது.

1995-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆஸ்பத்திரியில் லைபல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூவரும் ஆட்களை உள்ளேயே தங்கவைத்து, திரவ உணவை அளந்து கொடுத்து, எடை அசையாமல் நிற்க எவ்வளவு கலோரி வேண்டும் என்று பார்த்தார்கள். குண்டாக இருந்து 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு மொத்தச் செலவு, கொழுப்பில்லா உடல் கிலோவுக்கு 8 கலோரி இறங்கியது. அதில் ஓய்வின் பங்கு சுமார் பாதிதான். மீதி அசைவில். பின்னாளில் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தபோது, மெதுவாக மிதிக்கும்போதுதான் வித்தியாசம் பெரிதாக வந்தது. 10 வாட் அளவில், அதாவது வீட்டுக்குள் நடமாடுவது போன்ற லேசான வேலையில், தசை அதே வேலையைக் குறைந்த எரிபொருளில் செய்தது. லெப்டினைச் சிறு அளவில் ஊசியாகப் போட்டபோது அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது.

உங்களிடம் கொழுப்பில்லா உடல் 43 கிலோ இருக்கும் என்று வைத்தால் 8×43, சுமார் 340. அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 8-க்கு மேலும் கீழும் 5 வரை ஆட்டம் உண்டு. சுமக்கும் எடை குறைந்ததால் நடைக்கு ஆகும் செலவு இயல்பாகக் குறைவதும் அதற்குள் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சமையலறையிலும் ஆபீஸிலும் நடமாடும் நேரத்தில் நாத்தனாரை விடக் கொஞ்சம் சிக்கனமாக எரிக்கிறீர்கள் என்பது நடக்கக்கூடியதே. மூடிக்குள் படுக்கவைத்து அதை யாரும் பார்க்க முடியாது.

நிலவன் · 12 மார்ச், இரவு 11:25

நாத்தனார் சாப்பிடுவதை யார் அளந்தது?

மீனாட்சி · 13 மார்ச், காலை 6:50

அதுவும் சரியான கேள்விதான். ராஜி, முடிந்தால் ஒரு வாரம் அவரையும் எழுதச் சொல்லுங்கள். எண்ணெய், பாலில் போடும் சர்க்கரை, மாலை முறுக்கு எல்லாம் சேர்த்து.

கணேசமூர்த்தி · 13 மார்ச், காலை 9:10

டாக்டரிடம் மறுபடி போனேன் மீனாட்சி. மாத்திரை வேண்டாம் என்றார். சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். குளிர் குறைந்திருக்கிறது.

ராஜி · 24 மார்ச், இரவு 8:40

நாத்தனார் நான்கு நாள் எழுதிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த நான்கு நாளில் சராசரி 1,810. என்னை விட 160 அதிகம். ஆனால் அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், நான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். இதிலிருந்து என்ன தெரிகிறது?

மீனாட்சி · 24 மார்ச், இரவு 9:25

பி.டி. டீச்சர் என்றால் அந்த 160 அவர் மைதானத்திலேயே போய்விடும். இதை வைத்து உங்கள் தசையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. உங்களுக்கு ஒப்பிட ஆள் நீங்கள்தான். செப்டம்பரில் அதே மெஷினில், அதே நேரத்தில் மறுபடி அளங்கள். மாடிப்படி ஏறிப் போனால் அரை மணி நேரம் படுத்த பிறகுதான் மூடியைப் போட விட வேண்டும். இடுப்புப்பட்டியில் ஒரு நடை எண்ணியை மாட்டி, இன்றிலிருந்து தினம் எத்தனை காலடி என்று எழுதிவையுங்கள். போன ஜூனுக்கு அந்தக் கணக்கு இல்லாததுதான் இப்போது நம்மிடம் இருக்கும் பெரிய ஓட்டை.